வராத நாட்களுக்கு ஒரு வாசகம்

ஜிம்முக்குப் போவதை நிறுத்தியவர்கள் யாரும் "விட்டுட்டேன்" என்று சொல்வதில்லை. "கொஞ்ச நாளா போறதில்ல" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் சில சமயம் மூன்று வருடமாகக்கூட இருக்கும். ஒரு நாள் போகவில்லை, மறுநாள் மழை, அதற்கடுத்த வாரம் ஊரில் கல்யாணம். பிறகு அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலை. விடுவது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை.

விளம்பர வாசகம் எழுதுவது என் பிழைப்பு. நன்னிலத்தில் என் பெரியப்பா மகன் சிறியதாக ஒரு ஃபிட்னஸ் ஸ்டூடியோ திறந்தபோது, உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு பக்க நோட்டீஸ் கேட்டார். தாலுகா ஆபீஸ், வங்கி, பள்ளிக்கூடம் என்று உள்ளூரிலேயே வேலை பார்ப்பவர்களும், தினமும் திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் போய் வருகிறவர்களும்தான் அவர் குறி. அதிலும் ஏற்கெனவே எங்கேயாவது பணம் கட்டிப் பாதியில் நின்றவர்கள். "புதுசா வர்ற பசங்க தானா வந்துடுவானுங்க தம்பி. இவங்களக் கூப்புடத்தான் எழுத்து வேணும்" என்றார்.

அவர் கையில் ஒரு மாதிரி நோட்டீஸ் வைத்திருந்தார். வருட உறுப்பினர் கட்டணம் 12,000 ரூபாய், முதல் 20 பேருக்கு 6,000 மட்டும், இன்றே சேருங்கள், சாக்குப்போக்கு வேண்டாம். நாம் எல்லோரும் நூறு தடவை பார்த்த நோட்டீஸ்தான். ஒரு தடவை விட்டவரின் கண்ணால் அதைப் படித்தால் வேறு மாதிரி தெரியும். போன தடவையும் அவர் இதே வாசகத்தைப் படித்துத்தான் பணம் கட்டினார். "சாக்குப்போக்கு வேண்டாம்" என்ற வரி அவரைத் திட்டுகிறது. 6,000 என்ற எண், போன தடவை போன காசை நினைவூட்டுகிறது.

இந்த மனிதரைப் பற்றி பொருளாதாரத்தில் பேர்பெற்ற ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை மூன்று வருடங்களுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்தார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே இடத்தில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான். கடைசியாக வந்த நாளுக்கும் உறுப்பினர் பதிவை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அத்தனை நாளும் பணம் போய்க்கொண்டே இருந்தது.

இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. பணம் கட்டும்போது, வரப்போகும் மாதத்தின் தன்னை நினைத்துக் கட்டுகிறார்கள். அந்த ஆள் வாரம் மூன்று நாள் விடிகாலையில் எழுந்து வருவான். வருடச் சந்தா விற்கும் வாசகம் பேசுவது அவனோடுதான். விட்டுப்போனவரிடம் அந்தப் பேச்சு இரண்டாவது தடவை எடுபடாது. அந்த ஆள் வரமாட்டான் என்று அவருக்கு இப்போது தெரியும்.

அதனால் வாசகத்துக்கு முன்னால் ஆஃபரையே மாற்றவேண்டும் என்றேன். அண்ணனுக்குச் சம்மதமில்லை. வருடச் சந்தா என்றால் பணம் மொத்தமாக வரும், சாமான் வாங்கிய கடனை அடைக்கலாம். நியாயமான காரணம்தான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

வாடகை, பயிற்சியாளர் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹாலில் ஒரு பேட்ச்சுக்குப் பத்து பேர்தான் கைகாலை நீட்டி நிற்கமுடியும். காலை ஒரு பேட்ச், மாலை ஒன்று. ஒரு நாளைக்கு 20 பேர், ஆறு நாளைக்கு 120. ஆளுக்கு வாரம் மூன்று தடவை வந்தால் அந்த ஹால் தாங்குவது 40 உறுப்பினர்களை. வருடம் 6,000 என்றால் ஒருவரிடமிருந்து மாதம் 500. நாற்பது பேரிடமிருந்து 20,000. செலவுக்கே பத்தாது. 32,000 வரவேண்டுமானால் 64 பேரைச் சேர்க்கவேண்டும், ஹாலோ 40 பேருக்குத்தான். மீதி 24 பேர் பணம் கட்டிவிட்டு வராமல் இருந்தால்தான் அந்த வருடச் சந்தா ஓடும். "இவங்க விட்டாத்தான் கடை நிக்கும்ங்கிற" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பதிலுக்கு நாங்கள் வைத்தது கார்டு. 12 வகுப்பு, 1,200 ரூபாய், 60 நாளைக்குள் முடிக்கவேண்டும். மாதம் 27 கார்டு விற்றால் செலவு கட்டிவிடும். 27 கார்டு என்றால் 324 வருகை, 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று பேர். ஹாலில் இடம் மிச்சமிருக்கும். யாரும் வராமல் இருக்கவேண்டிய அவசியமில்லை. முதல் நாளே மொத்தமாகப் பணம் கையில் விழாது, அதுதான் இதில் நஷ்டம். அதை மறைக்கமுடியாது.

60 நாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. காலக்கெடுவே இல்லாவிட்டால் கார்டு பர்ஸில் கிடக்கும். 30 நாள் என்றால் மறுபடி வாரம் மூன்று நாள் வருகிற அந்தக் கற்பனை ஆளுக்கு விற்கிறோம். வாரம் இரண்டு தடவை வந்தால் 12 வகுப்பு 42 நாளில் முடியும். மீதி 18 நாள் காய்ச்சலுக்கு, கல்யாணத்துக்கு, ஆடிட்டுக்கு.

இந்த ஊர்க்காரர்களுக்கு 18 நாள் போதாத மாதங்களும் உண்டு. வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்குப் பசலி வருடம் ஜூன் 30இல் முடியும், அதற்கு முன்னால் ஜமாபந்தி. அந்த வாரங்களில் வீட்டுக்குப் போவதே இருட்டிய பிறகுதான். வங்கிக்காரர்களுக்கு மார்ச். நெல் கொள்முதல் வேலையில் இருப்பவர்களுக்குக் குறுவை அறுவடையும் சம்பா அறுவடையும். ஆபீஸ் வேலை பார்த்தாலும் நாலு மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் தை, மாசியில் அதே கதைதான். ஒரு தாலுகா ஆபீஸ் அக்காவிடம், முன்பு ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க தம்பி நின்னேன். ஜமாபந்தி வந்துது. அது முடிஞ்சு போனா என்ன நெனப்பாங்களோன்னு போகல" என்றார். வேலைப்பளு அவரை மூன்று வாரம்தான் நிறுத்தியது. அதற்குப் பிறகு நிறுத்தியது கூச்சம்.

அந்தக் கூச்சத்தைத் தொடுகிற ஆய்வும் ஒன்று உண்டு. கேத்தரின் மில்க்மன் தலைமையில் 2021இல் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்க ஜிம் ஒன்றின் 61,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் நான்கு வாரத்துக்கு 54 விதமான தூண்டுதல்களைச் சோதித்தார்கள். முதலிடம் பிடித்தது, ஒரு நாள் தவறவிட்டவர் மறுபடி வந்தால் கொடுக்கப்பட்ட சின்னப் புள்ளி. அதன் மதிப்பு பத்து சென்ட்கூட இல்லை. ஆனால் அதைப் பெற்ற குழுவின் வருகை 27% அதிகம். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்தது, சோதித்தவற்றில் 8% முறைகளில்தான். வாசகமும் சலுகையும் ஒருவரைத் திரும்ப வாசல்வரை கொண்டுவரும். பழக்கமாக மாற்றும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதிய நோட்டீஸ் இது:

"முன்னாடி ஜிம்முல சேர்ந்து நடுவுல நின்னுட்டீங்களா? இது உங்களுக்குத்தான்.
12 வகுப்பு. 1,200 ரூபாய். 60 நாள். வருடச் சந்தா கிடையாது.
காலை 5:40க்கு ஆரம்பம், 6:15க்கு முடிஞ்சிடும். மாலை 7:00 முதல் 7:35 வரை.
ஜமாபந்தி, அறுவடை, மார்ச் கணக்கு வந்தா ஒரு வாட்ஸ்அப் போடுங்க. கார்டை 30 நாள் நிறுத்தி வைப்போம்.
மூணு வாரம் வரலையா? நாலாவது வாரம் வாங்க. ஏன் வரலன்னு கேக்க மாட்டோம். அன்னைக்கு வகுப்பு பாதி அளவுதான்."

"35 நிமிடம்" என்று எழுதாமல் மணியைப் போட்டதற்குக் காரணம், விட்டவர்கள் நிமிடத்தை நம்புவதில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம், எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று எண்ணுவார்கள். எடைக் குறைப்பு வாக்குறுதியும் முன்-பின் படமும் இதில் இல்லை. "முதல் 20 பேருக்கு" என்பதும் இல்லை. எத்தனை பேர் வந்தாலும் அந்த 20 தீராது என்பது ஊருக்கே தெரியும். இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதை மத்திய அரசு 2023இல் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

கடைசி வரியில்தான் அண்ணனோடு நிறையப் பேசவேண்டியிருந்தது. அது வாசகம் மட்டும் இல்லை, வேலை. மூன்று வாரம் இடைவெளி விட்டு வருகிறவர் பழைய எடையையே தூக்கினால், தசை வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்கமுடியாமல் ஆபீஸில் நிற்கும்போது "இது நமக்கு ஒத்துவராது" என்று தோன்றிவிடும். இரண்டாவது தடவை விடுவது அங்கேதான். அதனால் திரும்ப வந்த முதல் நாள் எடையும் சுற்றும் பாதி. இரண்டாவது நாள் முக்கால். மூன்றாவது நாள்தான் பழைய அளவு. பயிற்சியாளரும் "என்ன சார், ஆளயே காணும்" என்று சிரித்துக்கொண்டுகூடக் கேட்கக்கூடாது. அவர் பாசமாகத்தான் கேட்பார். ஆனால் பத்து பேர் நடுவில் கேட்கப்படுகிறவருக்கு அது வேறு மாதிரி விழும். "வாங்க, இன்னைக்குப் பாதிதான்" என்று சொன்னால் போதும்.

இந்த நோட்டீஸ் வேலை செய்கிறதா என்பதை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கமுடியாது. ஜனவரியில் எந்த நோட்டீஸும் ஆளைக் கொண்டுவரும். அண்ணனின் வருகை நோட்டில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டோம். ஒன்று, இரண்டாவது கார்டு வாங்கிய தேதி. இன்னொன்று, 14 நாளுக்கு மேல் வராமல் இருந்து திரும்ப வந்த தேதி. முதல் கட்டம் காலியாகவே இருந்தால் வகுப்பில் கோளாறு. இரண்டாவது கட்டம் காலியாக இருந்து, ஆட்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், கடைசி வரியை யாரும் நம்பவில்லை அல்லது ஹாலில் யாரோ "ஏன் வரல" என்று கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

தாலுகா ஆபீஸ் அக்காவின் கார்டு ஜமாபந்திக்காக நின்றிருந்தது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மாலை பேட்ச்சில் அவர் பெயருக்கு நேரே அந்த இரண்டாவது கட்டத்தில் தேதி விழுந்ததாக அண்ணன் படம் எடுத்து அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் அவர் மறுபடி வரவில்லையாம். "போன் பண்ணிக் கேக்கவா?" என்று அண்ணன் கேட்டார். வேண்டாம், கார்டில் இன்னும் ஏழு வகுப்பு இருக்கிறது என்றேன்.