அதனால் என்ன?

34 ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்திய நான், பருப்புப் பொடிக்கு நாலு வரி எழுதத் தெரியாமல் தோற்ற கதை இது.

என் அக்கா மகள் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலை போனபிறகு பேரனின் பள்ளிக் கட்டணம் அதை நம்பித்தான். "மாமா, வாட்ஸ்அப்பில் போட நீங்களே எழுதித் தாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

எண்ணெய் சேர்க்காமல் வறுத்தது. பதப்படுத்தும் பொருள் இல்லை. காரம் குறைவு. எடை 250 கிராம்.

ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒரு வாரத்தில் விற்றது 2 பாக்கெட்.

என் வீட்டம்மா அதை வாங்கி வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும், "சரி, அதனால் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் அக்கா மகளும் நானும் தராசோடு உட்கார்ந்தோம். ஒரு வேளைச் சோற்றுக்கு அவள் போடும் பொடி 15 கிராம் இருந்தது. அப்படியானால் 250 கிராம் என்பது 16 வேளைச் சாப்பாடு. எண்ணெய் விடாமல் வறுத்தால் சிக்கு வாடை சீக்கிரம் வராது. பதப்படுத்தும் பொருள் இல்லை என்றதும், "கெட்டுப்போகுமோ?" என்ற பயம்தான் முதலில் வரும். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து, யாருக்கு எழுதுவது? வாங்கிய இருவரில் ஒருவர், வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகனுக்கு அனுப்பியிருந்தார். அவரையே மனதில் வைத்து எழுதினோம்:

"வேலை முடிந்து களைத்து வரும் உங்கள் பிள்ளை சோறு மட்டும் வடித்தால் போதும். பொடியும் கொஞ்சம் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். ஒரு பாக்கெட் 16 வேளைக்கு வரும். ஆர்டர் வந்தபிறகே அரைக்கிறோம். ஈரக் கரண்டி போடாமல் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லுங்கள்."

பழைய பட்டியலைத் தூக்கி எறியவில்லை. சேர்மானம், எடை, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் கீழே இருந்தன. மனசு வந்தவர்கள் அடுத்துத் தேடுவது அதைத்தானே.

"சர்க்கரைக்கு நல்லதுன்னு ஒரு வரி சேர்க்கலாமா மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டமும் இடம் தராது. நாம் சொல்லும் ஒவ்வொரு பலனுக்கும் பட்டியலில் ஒரு வரி ஆதாரமாக இருக்க வேண்டும். இதற்கு இல்லை.

அந்த வாரம் 11 பாக்கெட் போனது. அதில் மூன்று பேர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள். பள்ளிக் கட்டணம் இன்னும் பாதிகூடத் தேறவில்லை. ஆனாலும் அக்கா மகள் இப்போது என்னைக் கேட்காமல் தானே எழுதுகிறாள்.

உங்கள் விடைத்தாள்களில் "காரணம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளியவன் நான். என் விடையில் அதையே விட்டிருந்தேன். மதிப்பெண் போட்டவர் வீட்டம்மா.