உப்பும் புகையும் என் தாடியும்

போன வாரம் வேலிகாத்தான் வெட்டிக் கரிமூட்டம் போட்ட படத்தைப் பார்த்துட்டு, "மூஞ்சில கட்டியிருக்கிற துண்டு புகையைத் தடுக்குமா அண்ணா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். தடுக்காது. அது எனக்குப் புரிந்த கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 27-ம் தேதி சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அணைத்த பிறகும் அடியில் கனன்று நாள்கணக்கில் புகைந்தது. என் தங்கச்சி வீடு பள்ளிக்கரணையில். அவளுக்குச் சின்ன வயசிலேயே இளைப்பு உண்டு. ரெண்டாம் நாள் போன் பண்ணி, "ண்ணா, மூச்சு முட்டுது, ராத்திரி பூரா தூக்கமே இல்ல" என்றாள். மரக்காணத்தில் பஸ் ஏறி ஈ.சி.ஆர். வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சம் இருந்த நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கைப் போட்டு, அதுக்கு மேல ஈரக் கைக்குட்டையும் கட்டியிருந்தாள். கண்ணாடி மட்டும் மூச்சுக்கு மூச்சு பனி படிந்த மாதிரி மங்கிக்கொண்டே இருந்தது. அப்போ எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை.

சாயங்காலம் என் மகன் வந்தான். அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கண்ணாடியைப் பார்த்ததும், "அத்தை, நீங்க விடுற மூச்சு மேல் பக்கமா வெளிய போகுது. அப்படின்னா இழுக்குற மூச்சும் அதே வழியாத்தான் உள்ள வரும்" என்றான். ஈரக் கைக்குட்டையையும் கழட்டச் சொன்னான். ஈரத்துணி வழியாகக் காற்று போவது கஷ்டம், அதனால் இன்னும் அதிகமாகப் பக்கவாட்டு இடைவெளியில் நுழையுமாம்.

நமக்கு இது புரியாதா? வயலுக்குத் தண்ணி கட்டும்போது வரப்பில் ஒரே ஒரு நண்டு வளை இருந்தால் போதும், தண்ணி எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும். காற்றும் அப்படித்தான். துணியைத் துளைத்துப் போவதை விட மூக்கோரச் சந்தில் நுழைவது அதுக்குச் சுலபம்.

புகைத்தூள் எவ்வளவு பொடி என்றால், தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பெரும்பாலானது ஒரு மைக்ரானுக்கும் கீழே. நெய்த துணியின் இழைகளுக்கு நடுவில் இருக்கும் ஓட்டை அதைவிடப் பல மடங்கு பெரிசு. மாவு சலிக்கிற மாதிரி சலித்துப் பிடிக்க முடியாது. என்-95 மாஸ்க் வேறு விதமாகப் பிடிக்கிறது. அதன் நடு அடுக்கில் உருக்கி ஊதிய மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும், அவற்றில் நிலைமின்சாரம் ஏற்றி வைத்திருப்பார்கள். சீப்பால் தலை வாரிவிட்டு காகிதத்துண்டு பக்கம் கொண்டுபோனால் இழுக்குமே, அதே சக்தி. சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் அடித்தாலோ அந்த மின்சாரம் போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், வேலை செய்யாது.

அடுத்து மகன் சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். என்-95 மாஸ்க்கைச் சோதிப்பது உப்பை வைத்தாம்! உப்புத் தண்ணியைப் பனித்துளி போலத் தூவி, நீர் காய்ந்ததும் மிஞ்சுகிற கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளை, நிமிஷத்துக்கு 85 லிட்டர் காற்றோடு மாஸ்க் வழியாக இழுக்கிறார்கள். மூட்டை தூக்குறவன் மூச்சு வாங்குகிற மாதிரி வேகம் அது. நூற்றுக்கு 95 பங்காவது பிடித்தால்தான் அந்தப் பெயர். எங்க ஊரு உப்பளப் பாத்தியில் வெயில் செய்கிற வேலையைத்தான் அங்கே ஒரு இயந்திரம் ஒரு நொடியில் செய்கிறது.

ஆனால் அந்தச் சோதனையில் மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். அதாவது 95 என்பது துணிக்குக் கொடுத்த மார்க், நம்ம முகத்துக்குக் கொடுத்தது இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்ஜிக்கல் மாஸ்க்கின் துணி 100 தூளில் 60-ஐப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கன்னத்தோரம் பாதிக் காற்று கசிந்தால், அந்த 50 அப்படியே உள்ளே வரும். துணி வழியாக வரும் 50-ல் இன்னொரு 20 வரும். மொத்தம் 70. என்-95-ல் கசிவு 5 என்றால், அந்த 5-ம் துணியைத் தாண்டிய 5-ம் சேர்ந்து 10. அதே என்-95 இருபது பங்கு கசிந்தால் 24. துணி எவ்வளவு உசத்தியானாலும் கசிவுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. காட்டுத்தீப் புகையை வைத்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2021-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். பருத்தி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் ரெண்டுமே புகைத்தூளைப் பாதியாகக்கூடக் குறைக்கவில்லை.

இப்போ என் தாடி விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருஷத் தாடி. "உன் முகத்துல இது நிக்காதுப்பா" என்று மகன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாசம் ஊருக்கு வந்தபோது ஒரு முகமூடிக்கூடும் சாக்கரின் தண்ணி தூவும் கருவியும் கொண்டுவந்தான். முதலில் மாஸ்க் இல்லாமல் தூவினான், நாக்கில் தித்தித்தது. வாயைக் கழுவி, மாஸ்க் போட்டதும் மறுபடி தூவி, தலையை இப்படி அப்படித் திருப்பச் சொன்னான், குனியச் சொன்னான், பேசச் சொன்னான். திரும்பின உடனே தித்திப்பு. மறுநாள் தாடியை வழித்துவிட்டு அதே மாஸ்க்கைப் போட்டேன். கடைசி வரை தித்திப்பே இல்லை. என் பெண்டாட்டிதான் வாசலில் யாரோ என்று பயந்துபோனாள்.

போடும் முறை இதுதான். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். ரெண்டும் குறுக்கே போகக்கூடாது. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், ரெண்டு கை விரலாலும் மூக்கோடு சேர்த்து அழுத்தணும். பிறகு கையால் பொத்தி மூச்சு விட்டு இழுத்துப் பாருங்கள். கண்ணோரமோ கன்னத்திலோ காற்று பட்டால் சரியில்லை. வாங்கும்போது ஐ.எஸ். 9473 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கா என்று பாருங்கள். நம்ம தரத்தில் எஃப்.எஃப்.பி.2 என்று இருந்தால் நூற்றுக்கு 94 பிடிக்கணும்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். மாஸ்க் பிடிப்பது தூளைத்தான். கரிமூட்டத்தில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயு அப்படியே உள்ளே போகும், வாசனையும் தெரியாது. அதனால் எந்த மாஸ்க் போட்டாலும் மூட்டத்துக்கு எதிர்க்காற்றில் நிற்பதில்லை.

தங்கச்சிக்கு அன்றைக்கு நல்ல மாஸ்க் போட்டுவிட்டோம். ஆனால் தூங்கும்போது யாரும் மாஸ்க்கோடு இருக்க முடியாது. அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குக் கூட்டிவந்தேன். பத்து நாள் கடல்காற்றில் இருந்துவிட்டுப் போனாள். நானும் அந்தப் பத்து நாளும் வேலிகாத்தான் கரிக்குத் தீ வைக்கவில்லை.