பெருக்கும் பட்டை

ரெசிஸ்டரைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பிவிட்டு, "அண்ணே, இது எத்தனை ஓம்?" என்று கேட்பவர்கள் எனக்கு நிறைய. பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பழுது பார்க்கும் பையன்களும், பாலிடெக்னிக் புராஜெக்ட் செய்யும் பெண்களுமாக வாரத்துக்கு நாலு படமாவது வந்துவிடும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9 என்ற வரிசை அவர்களுக்கும் தெரியும். பிளஸ் டூ இயற்பியலிலேயே படித்திருப்பார்கள். தகராறு வரிசையில் இல்லை. படத்தில் தெரிவது சிவப்பா ஆரஞ்சா என்பதில்தான்.

கண்ணால் பார்க்கும்போது இந்தக் குழப்பம் குறைவு. கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், ஜன்னலோரம் கொண்டுபோகலாம். போன் கேமராவோ எதிரில் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்து, தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் சிவப்பு ஆரஞ்சை நோக்கி நகர்கிறது. பச்சை போர்டு படம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அதை ஈடுகட்டப் பார்த்து, மற்ற நிறங்களையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் வளைந்த உடம்பின் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து, தங்கநிறப் பட்டை கடுகு நிறமாகவோ பழுப்பாகவோ மாறிவிடும்.

சமீபத்தில் ஒரு தம்பி அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போர்டு. சந்தன நிற உடம்பு, நாலு பட்டை. மஞ்சள், ஊதா, அப்புறம் சிவப்புமல்லாத ஆரஞ்சுமல்லாத ஒன்று, கடைசியில் தங்கம். முதல் இரண்டு பட்டை 47 என்கின்றன. மூன்றாவது பெருக்கும் பட்டை, அதாவது பின்னால் எத்தனை பூஜ்யம் என்று சொல்வது. சிவப்பானால் இரண்டு பூஜ்யம், 4,700 ஓம். ஆரஞ்சானால் மூன்று, 47,000 ஓம். பத்து மடங்கு வித்தியாசம்.

இலக்கப் பட்டைகளில் சந்தேகம் வந்தால் காப்பாற்ற ஒரு வழி உண்டு. தங்கப் பட்டை போட்ட 5 சதவீத ரெசிஸ்டர்கள் எல்லா எண்ணிலும் வருவதில்லை. 10, 11, 12, 13, 15, 16, 18, 20, 22, 24, 27, 30, 33, 36, 39, 43, 47, 51, 56, 62, 68, 75, 82, 91 என்று 24 எண்கள்தான் வழக்கம். 37 என்று படித்தால் கண் ஏமாந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஆனால் பெருக்கும் பட்டைக்கு இந்தக் காவல் கிடையாது. 4.7 கிலோ ஓமும் கடையில் கிடைக்கும், 47 கிலோ ஓமும் கிடைக்கும். தப்பாகப் படித்தால் மிகப் பெரிய பிழை எங்கே வருமோ, அங்கேதான் சரிபார்க்க எதுவும் இல்லை. அதனால் படத்தில் நான் அதிக நேரம் பார்ப்பது இந்த ஒரு பட்டையைத்தான்.

தம்பியின் படத்தில் பக்கத்திலேயே இன்னொரு ரெசிஸ்டர் இருந்தது. அதன் முதல் பட்டையும் இதே குழப்ப நிறம். அடுத்தது ஊதா, பிறகு பழுப்பு, தங்கம். முதல் பட்டை ஆரஞ்சு என்றால் 37, அது பட்டியலில் இல்லை. சிவப்பு என்றால் 27, அது இருக்கிறது. ஆகவே அது 270 ஓம், அந்த முதல் பட்டை சிவப்பு. இப்போது அதே படத்தில், அதே வெளிச்சத்தில், சிவப்பு எப்படித் தெரிகிறது என்று கையில் ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் சந்தேகப் பட்டை அந்தச் சிவப்பைவிடத் தெளிவாக மஞ்சள் கலந்து இருந்தது. ஆரஞ்சு. 47 கிலோ ஓம் என்று பதில் எழுதினேன்.

அதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். தங்கம் 5 சதவீத டாலரன்ஸ். 47,000-இல் 5 சதவீதம் 2,350. எனவே 44,650 முதல் 49,350 ஓம் வரை எங்கிருந்தாலும் அந்த ரெசிஸ்டர் நல்லது. இந்த எல்லை எதற்கு உதவும் என்றால், மின்சாரத்தைத் துண்டித்து, கண்டென்சர்களில் நிற்கும் சார்ஜை இறக்கிவிட்டு, ரெசிஸ்டரைக் கழற்றாமலே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்போது உதவும். போர்டில் அதோடு பக்கவாட்டில் இணைந்திருக்கும் மற்ற பாகங்கள் அளவைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. ஆகவே 30 கிலோ ஓம் காட்டினால் எதுவும் முடிவாகாது. ஒரு காலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். தம்பிக்குக் காட்டியது 61 கிலோ ஓம். மேல் எல்லையைத் தாண்டி இவ்வளவு தூரம் போனதால் கழற்றாமலே சொல்லிவிடலாம், அந்த ரெசிஸ்டர் கெட்டுவிட்டது.

ஐந்து பட்டை ரெசிஸ்டரில் சிக்கல் வேறு மாதிரி. பெரும்பாலும் வெளிர் நீல உடம்பு, மூன்று இலக்கம், ஒரு பெருக்கு, கடைசியில் 1 சதவீதத்தைக் குறிக்கும் பழுப்பு. 1 சதவீத வகையில் எண்கள் ஏராளம் என்பதால் மேலே சொன்ன பட்டியல் இங்கே அவ்வளவாகக் காப்பாற்றாது. எந்த முனையிலிருந்து படிப்பது என்பதே கேள்வியாகிவிடும். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று இருப்பதை இடமிருந்து படித்தால் 100-க்குப் பின்னால் இரண்டு பூஜ்யம்: 10 கிலோ ஓம், 9,900 முதல் 10,100 வரை. வலமிருந்து படித்தால் 120-க்குப் பின்னால் பூஜ்யமே இல்லை: 120 ஓம், 118.8 முதல் 121.2 வரை. இரண்டும் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் அளவுகள். டாலரன்ஸ் பட்டை மற்ற நாலிலிருந்து சற்று விலகி இருக்க வேண்டும் அல்லது அகலமாக இருக்க வேண்டும். சின்ன, மலிவான ரெசிஸ்டர்களில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. அப்படிப்பட்ட படத்துக்கு நான் ஒற்றைப் பதில் சொல்வதில்லை. இரண்டையும் எழுதி, மீட்டரில் எது வருகிறது என்று பார்க்கச் சொல்வேன். ஒன்று மற்றதைப்போல் 83 மடங்கு என்பதால் சாதாரண மீட்டரே போதும்.

படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி எடுங்கள். ஒரே ரெசிஸ்டரைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படமும் எடுங்கள். பளபளப்பு இடம் மாறும்போது மறைந்திருந்த பட்டை வெளியே வரும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, ஒல்லியான பட்டைகளின் நிறம் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடுகிறது.

சூடேறிக் கருகிய ரெசிஸ்டருக்கு இவை எதுவும் உதவாது. சூட்டில் சிவப்பு பழுப்பாகும், ஆரஞ்சும் கறுத்துப்போகும். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் அதில் இருப்பது பழைய நிறம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து அளவை ஊகித்துச் சொல்லாதீர்கள். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் இடது, வலது இரண்டு சேனலும் ஒரே சுற்றுதான். கருகாத சேனலில் அதே இடத்தில் இருக்கும் ரெசிஸ்டரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.