அடுத்தடுத்த நாள் பரீட்சைக்கு ஒரு உள்ளங்கைத் துண்டு

ஓ.எல். பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். தாராபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். கெட்டிக்காரி. உயிரியல் படிக்க ஆசை, அதனால் விஞ்ஞானத்தில் குறைந்தது ஒரு 'சீ' வேண்டும். இரண்டாம் தவணைப் பரீட்சையில் நான்கு பெரிய பாடங்கள் அடுத்தடுத்த நான்கு நாளில் வந்தன. முதல் நாள் கணிதம், பிறகு விஞ்ஞானம், வரலாறு, தமிழ். கணிதம் நன்றாகச் செய்தாள். விஞ்ஞானத்துக்கு முதல் நாள் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தாள். வரலாற்றுக்கும் அப்படித்தான். நான்காம் நாள் தமிழ் வினாத்தாளின் மேல் தலை சாய்ந்து தூங்கிப்போனாள். மேற்பார்வைக்கு நின்றது நான்தான். தட்டி எழுப்பினேன்.

"டீச்சர், நான் படிக்காம வரல்ல. எல்லாம் படிச்சேன். ஆனா ஒண்டோட ஒண்டு கலந்து போச்சு" என்றாள்.

அவளை ஏசவில்லை. ஏசப்பட வேண்டியவள் நான். "ஒவ்வொரு பரீட்சைக்கும் முதல் நாள் அந்தப் பாடத்தைப் படியுங்கள்" என்று வகுப்பில் சொன்னவள் நான்தானே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பரீட்சை வந்தால் அது சரி. தொடர்ந்து வரும்போது, முதல் நாள் என்பது பின்னேரம் மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு மிஞ்சும் நாலைந்து மணித்தியாலம் மட்டும்தான். அதற்குள் பத்தாம், பதினோராம் ஆண்டு விஞ்ஞானத்தை யாரால் திரும்பப் பார்க்க முடியும்?

மூன்றாம் தவணைக்கும் அதே வரிசைதான் வந்தது. இந்த முறை அவளோடு உட்கார்ந்து ஏழு நாளைப் பின்னாலிருந்து எண்ணினோம். கடைசியாக வரும் பாடத்தை முதலில் படிப்பது, முதலாவதாக வரும் பாடத்தைக் கடைசியில் படிப்பது. அதாவது தமிழுக்கு ஒரு நாள், வரலாற்றுக்கு இரண்டு, விஞ்ஞானத்துக்கு இரண்டு, கணிதத்துக்குக் கடைசி இரண்டு. இப்படிச் செய்தால் பரீட்சை தொடங்கும் காலையில் கணிதம் சூடாக இருக்கும். அன்று பின்னேரம் எடுக்க வேண்டிய விஞ்ஞானத்தை விட்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். இடையிலுள்ள பின்னேரங்கள் புதிதாகப் படிப்பதற்கு அல்ல, ஏற்கெனவே படித்ததைத் தட்டி எழுப்புவதற்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழை முதலில் படித்து வைத்தால், பரீட்சை நாள் வரும்போது ஒன்பது பத்து நாள் ஆகியிருக்கும், ஆறிப்போயிருக்கும். திரும்பக் கொப்பியைத் திறந்தால் எங்கே விட்டோம், எது பலவீனம் என்று தேடுவதிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடும். இதற்குத்தான் துண்டு.

ஒரு பாடத்தை மூடும்போது, மூடுவதற்கு முன், உள்ளங்கை அளவுக் கடதாசியில் மூன்றே விடயம் எழுத வேண்டும். எதுவரை சரி, எதில் பிழைத்தேன், திரும்பி வரும்போது முதலில் செய்ய வேண்டியது எது. எழுதி அந்தப் பாடக் கொப்பியின் அட்டைக்குள் வைத்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டும்.

அவள் முதலில் எழுதிய விஞ்ஞானத் துண்டில் "வெப்பம் பார்க்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. இது உதவாது என்றேன். வெப்பத்தில் எதை? திரும்பவும் அதிகாரம் முழுவதையும் புரட்ட வேண்டி வரும். இரண்டாவது தடவை இப்படி எழுதினாள்: "Q = mcθ தெரியும். திணிவை கிராமிலிருந்து கிலோகிராமுக்கு மாற்ற மறக்கிறேன், மூன்று கணக்கில் இரண்டு பிழை. முதலில் இந்த மூன்றையும் கொப்பி பார்க்காமல் செய்." இதுதான் துண்டு. நாலு நாள் கழித்து எடுத்தாலும் பேனையைப் பிடித்து உடனே தொடங்கலாம்.

துண்டு சரியா பிழையா என்று அறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். எழுதப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அது துண்டல்ல, குறிப்புக் கொப்பி. வாசித்து விளங்கிக்கொள்ளக் கொப்பியைத் திறக்க வேண்டியிருந்தால் அதுவும் பிழை. சில உம்மாமார் பிள்ளைக்கு உதவி என்று நினைத்து அழகான எழுத்தில் துண்டை எழுதிக் கொடுக்கிறார்கள். வேண்டாம். எங்கே பிழைத்தது என்பது பிழைத்தவளுக்குத்தான் தெரியும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு விடயத்தைக் காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 2018இல் இன்னொருவருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வில், மாறுவதற்கு முன் எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று சுருக்கமாக எழுதியவர்கள் அடுத்த வேலையைக் கூடிய கவனத்தோடு செய்தார்கள். அவர் பார்த்தது அலுவலக வேலை மாதிரியான வேலைகளை, ஓ.எல். பிள்ளைகளை அல்ல. ஆனாலும் துண்டை எழுதி வைத்த பிறகு "அது அங்கே இருக்கு டீச்சர், நான் யோசிக்கத் தேவையில்லை" என்று இந்தப் பிள்ளை சொன்னபோது, அதே விடயம்தான் என்று எனக்குப் பட்டது.

இன்னொரு வகைத் துண்டும் உண்டு. ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்குக் கைமாற்றுவது. கணிதம் முடிந்த பின்னேரம் விஞ்ஞானத்துக்கு எதைக் கொண்டுபோகலாம்? வரைபைப் பாருங்கள். கணிதத்தில் நேர்கோட்டின் படித்திறன் கண்டோம். விஞ்ஞானத்தில் வேக–நேர வரைபின் படித்திறன்தான் ஆர்முடுகல். கணிதத்தில் சரிவகத்தின் பரப்பளவு கண்டோம். அதே வரைபின் கீழுள்ள பரப்பளவுதான் இடப்பெயர்ச்சி. அவள் கணிதம் படித்த கடைசி நாளில் இந்த இரண்டு வரியையும் எழுதி, விஞ்ஞானத் துண்டோடு ஊசியால் குத்தி வைத்தாள். அந்தப் பகுதியை விஞ்ஞானத்தில் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

பரீட்சை மண்டபத்திலிருந்து கொண்டுவர வேண்டியதும் ஒன்று இருக்கிறது. விடைகள் அல்ல, நடந்த விதம். "வாசிப்பு நேரம் பத்து நிமிடத்தில் வினாவைத் தெரிவு செய்யாமல் விட்டேன்", "முதல் வினாவுக்கே நாற்பது நிமிடம் போய்விட்டது" என்று ஒரு வரி. அடுத்த நாள் காலை அது உதவும். விடைகளைப் பற்றி வாசலில் நின்று கதைப்பதும், பின்னேரம் வட்ஸ்அப்பில் வரும் விடைத்தாளைப் பார்ப்பதும் நாளைய பாடத்தின் நேரத்தைத்தான் தின்னும். முடிந்த தாளுக்கு ஒரு புள்ளியும் கூடாது.

ஒன்றோடொன்று கலந்து போவதைப் பற்றி. ஒரே மாதிரியான விடயங்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று மற்றதை மறைக்கும். வரலாற்றுக்கு உள்ளேயே இது நடக்கிறது. கோல்புறூக் 1833, டொனமூர் 1931, சோல்பரி 1947 என்று மூன்றையும் ஒரே இரவில் மனனம் செய்கிற பிள்ளைகள் சர்வசன வாக்குரிமையைச் சோல்பரியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அது டொனமூர். அதனால் வரலாற்றுத் துண்டில் ஆண்டுகளை மட்டும் எழுத வேண்டாம், குழம்புகிற இடத்தைக் கேள்வியாக எழுதுங்கள்: "வாக்குரிமை எதில் வந்தது?" என்று.

நித்திரையும் இதில் சேரும். 1924இல் ஜென்கின்ஸ், டலன்பாக் என்ற இருவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டே மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பொருளில்லாத சொற்களை மனனம் செய்த பின் தூங்கியவேளை, விழித்திருந்த வேளையைவிடக் குறைவாகவே மறந்தார்கள். இரண்டு பேர்தான், சின்னப் பரிசோதனை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் கூடுதலாகப் படிக்கும் ஒரு பக்கத்துக்காக, மாலையில் படித்த பத்துப் பக்கத்தை இழக்கிறோம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பத்து மணிக்குப் படுக்கை. இதில் மட்டும் நான் பிடிவாதம்.

2024 ஓ.எல். 2025 மார்ச் 17 திங்கள் தொடங்கி 26 வரை நடந்தது. அது முழுவதும் ரமழான். பிரத்தியேக வகுப்புகளுக்கும் தடை, அதனால் பிள்ளைகள் வீட்டில் தனியே. பாட வரிசை தவணைப் பரீட்சை மாதிரி இருக்கவில்லை, நேர அட்டவணையைப் பார்த்துத் திரும்பப் பின்னாலிருந்து எண்ணினோம். பின்னேரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அஸருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் தலை வேலை செய்யாது. அந்த நேரத்தில் துண்டை வாசிப்பதும் பல்தேர்வு வினா பார்ப்பதும் மட்டும். நோன்பு திறந்த பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு நேரத்தோடு படுக்கை. கணக்குகளை ஸஹர் முடித்து ஸுபஹுக்குப் பிறகு ஆறரை வரை செய்தாள். துண்டில் "முதலில் இதைச் செய்" என்று எழுதியிருந்ததால் அந்த அரைத்தூக்கத்திலும் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெற்றோருக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். துண்டு வீட்டோடு. பரீட்சை மண்டபத்துக்குள் பையிலோ, பென்சில் பெட்டியிலோ, கணிதக் கருவிப் பெட்டியிலோ ஒரு கடதாசி இருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். போகும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தப் பிள்ளையின் கருவிப் பெட்டியில் கவராயத்துக்குக் கீழே ஒன்று மடித்துக் கிடந்ததை அவளுடைய உம்மாதான் வாசலில் வைத்துக் கண்டுபிடித்தார்.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். தமிழுக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கியது என் பிழை. இலக்கியப் பகுதி அவளுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். 'ஏ' எதிர்பார்த்தாள், 'பீ' தான் வந்தது. மின்னியலை அவள் வருடத்தில் ஒழுங்காகப் படிக்கவே இல்லை. அதற்கு எந்தத் துண்டும் உதவவில்லை, படிக்காததைத் துண்டு கொண்டுவராது. விஞ்ஞானத்தில் 'சீ' கிடைத்தது.

இந்த வருடம் தமிழுக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறேன். கூடவே, நடுவில் மற்றப் பாடங்கள் படிக்கும் நாட்களில் படுக்கப் போகும் முன் தமிழ்த் துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடம். சரிவருகிறதா என்று பெறுபேறு வந்ததும் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.