அபராதம் 4,600

வேலூர்ப் பக்கத்து மெட்ரிக் பள்ளித் தாளாளர் ஒருவர், கட்டணம் பாக்கி வைத்த பெற்றோர் எல்லோருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி என் அலுவலகத்துக்கு வந்தார். 2024-இல் நடந்தது. அவர் நீட்டிய பட்டியலில் ஒரு வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. ஜூன் 30-க்குள் கட்டவேண்டிய பருவக் கட்டணம் 12,000 ரூபாய். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 92 நாளில், செப்டம்பர் 30 வரை, 4,600 ரூபாய் அபராதம்.

"சேர்க்கைப் படிவத்துலயே போட்டிருக்கோம் சார், கையெழுத்தும் இருக்கு" என்றார்.

கையெழுத்து இருந்தால் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதி வைத்த தொகை உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டாலும் அந்த 92 நாளுக்கு 363 ரூபாய்தான் வரும். போதாக்குறைக்கு, 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வகுத்ததற்கு மேல் பள்ளி வசூலிக்கக் கூடாது. இந்த அபராதத்தோடு கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுதான்.

நோட்டீஸ் வேண்டாம், பள்ளியின் பெயரிலேயே ஒரு கடிதம் போதும் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். "கடைசி எச்சரிக்கை" என்ற அவருடைய தலைப்பை அடித்துவிட்டு நான் எழுதிக்கொடுத்தது இது:

"மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, வணக்கம். தங்கள் பிள்ளையின் முதல் பருவக் கட்டணம் ரூ.12,000 இன்னும் எங்கள் கணக்கில் வரவாகவில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையோ பரிவர்த்தனை எண்ணையோ அலுவலகத்தில் காட்டினால் போதும். அக்டோபர் 15-க்குள் கட்டினால் தாமதக் கட்டணம் கிடையாது. அதன்பின் ஒரே முறை ரூ.200 மட்டும். மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர் 10-ஆம் தேதிகளில் ரூ.4,000 வீதம் செலுத்தலாம். அவர்களுக்குத் தாமதக் கட்டணம் இல்லை. வேறு சிரமம் இருப்பின் முதல்வரை நேரில் சந்திக்கலாம். கட்டணப் பாக்கியால் பிள்ளையின் வகுப்போ தேர்வோ பாதிக்கப்படாது."

கடைசி வரியைத்தான் தாளாளர் எடுக்கச் சொன்னார். அதுதான் இருந்தாக வேண்டும் என்று நான் விடவில்லை. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளையைக் கட்டணத்துக்காக வகுப்பில் எழுப்பி நிற்கவைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மனரீதியான துன்புறுத்தல் என்று பள்ளி மேலேயே பாயும். கடிதமும் பிள்ளையின் டைரியில் போகக் கூடாது, பெற்றோர் முகவரிக்குத் தபாலில்தான் போகவேண்டும் என்றேன்.

முதலில் வந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். ஜூலையிலேயே ஜிபேயில் கட்டியிருக்கிறார். சேர்க்கை எண் குறிக்காததால் பணம் யார் பெயரிலும் ஏறாமல் கிடந்திருக்கிறது. நோட்டீஸ் போயிருந்தால் கட்டிய கடனுக்குப் போயிருக்கும். பெரும்பாலோர் மூன்று தவணையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு குடும்பம் மட்டும் பதில் சொல்லாமல் ஊர் மாறி மாற்றுச் சான்றிதழ் கேட்டது. பாக்கியைச் சான்றிதழில் எழுதித் தரலாமா என்று தாளாளர் போன் செய்தார். அது கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில்தான் சொல்லியிருந்தது. எதுவும் எழுதாமல் கொடுக்கச் சொன்னேன். பாக்கிக்குத் தனியாக சிவில் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது.