சிவப்பு மையும் பென்சிலும்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வாத்தியார் 'திக்தே' சொல்லுவார். அதாவது, அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். அதன்பின் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தா உத்தியோகம். பிழை கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான பழனிக்கு வந்தும் அந்தக் கை மாறவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். தன் எண்பதாம் ஆண்டு விழாவில் பேரப்பிள்ளைகளுக்குச் சிறு புத்தகமாகத் தர வேண்டுமாம். "தம்பி, பிழை மட்டும் பார்த்துக் குடுங்க" என்றார். நான் பத்து நாளில் பக்கமெல்லாம் சிவப்பாக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது நான் எழுதுனது இல்லீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம்.

"பொழுதோட மலையேறினோம்" என்று அவர் எழுதியிருந்தார். நான் அதை "நேரத்தோடு மலையேறினோம்" என்று மாற்றியிருந்தேன். புதுச்சேரிக்காரனான எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் இந்தப் பக்கத்தில் 'பொழுதோட' என்றால் சாயங்காலம். அடுத்த வரியில் படிக்கட்டு விளக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும். இல்லாத பிழையைத் திருத்தப் போய், நானே ஒரு பிழையை உள்ளே வைத்துவிட்டேன்.

'அப்புச்சி' என்று வந்த இடமெல்லாம் 'தாத்தா' என்று போட்டிருந்தேன். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா மட்டுமே. தாத்தா என்றால் இருவரில் யாரோ. தெளிவாக இருந்த சொல்லை எடுத்துவிட்டு மங்கலான சொல்லை வைத்திருக்கிறேன். "மழை ஏமாத்திப் போட்டுது" என்பதை "பருவமழை பொய்த்தது" என்று ஆக்கியிருந்தேன். பொருள் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வரி எந்தச் செய்தித்தாளிலும் வரக்கூடியது. அவர் குரல் அதில் இல்லை.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா என்றால், அதுவும் இல்லை. ஓரிடத்தில், "அப்புச்சி வேண்டிக்கொண்டபடி கோயிலில் வேலை கொடுத்தார்" என்று இருந்தது. படிப்பவர் யாருக்கோ உத்தியோகம் போட்டுக் கொடுத்தார் என்று நினைப்பார். அப்புச்சி கொடுத்தது வெள்ளியில் செய்த வேல். வேல் என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்து 'வேலை' ஆனால், அடுத்து வரும் ககரம் மிகும். "வேலைக் கொடுத்தார்" என்று எழுத வேண்டும். உத்தியோகம் என்றால் மிகாது. ஒரே ஒரு 'க்' போட்டதும் அவர் சொல்ல வந்தது கிடைத்துவிட்டது. இங்கே திருத்தியே ஆக வேண்டும்.

இன்னொன்று, "1962 தைப்பூசத்துக்கு விஞ்சில் ஏறினோம்" என்ற வரி. பழனியில் விஞ்ச் ஓடத் தொடங்கியது 1966இல்தான். முதலில் நான் '1966' என்று மாற்றியிருந்தேன். அதுவும் தவறான வேலை. வருடம் சரியாக இருந்து, ஏறியது யானைப்பாதையாக இருக்கலாம். விஞ்ச் சரியாக இருந்து, வருடம் பிசகியிருக்கலாம். எது என்று அவருக்குத்தான் தெரியும். கேட்டேன். யோசித்துவிட்டு, "அக்கா கல்யாணத்துக்கு அடுத்த வருசமுங்க. அப்படின்னா 67" என்றார். தகவல் இடித்தால் நாம் திருத்தக் கூடாது, எழுதியவரைக் கேட்க வேண்டும்.

அன்றிரவு எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வந்தார். கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக இருந்தவர். 1736இல் தொடங்கி, 1761இல் மறையும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். அன்றைய புதுச்சேரிப் பேச்சுத் தமிழ்தான். என்னைப் போல ஒருவர் அதை இலக்கணத் தமிழாக்கி அச்சிட்டிருந்தால், போரும் வியாபாரமும் பற்றிய செய்திகள் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்து மனிதர் பேசுவது நம் காதில் விழுந்திருக்காது.

மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்தேன். அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்றால், அதன் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவார்கள். நாற்பது பக்கத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: இதை இப்படியே விட்டால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வாரா? ஆம் என்றால் திருத்தினேன். எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமென்றால் புள்ளி வைத்தேன். சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

கடைசியில் நின்ற திருத்தங்கள் பதினொன்று. முதலில் நான் செய்தவை இருநூறுக்கு மேல்.

விழாவில் அவருடைய பேத்தி ஒரு பக்கத்தை மைக்கில் வாசித்தாள். "மழை ஏமாத்திப் போட்டுது" என்ற இடம் வந்ததும், முன்வரிசையில் இருந்த பெரியவரின் தங்கை, "அண்ணன் பேசற மாதிரியே இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த வரியின் கீழே வைத்த புள்ளிகள் ஞாபகம் வந்தன.