மீட்டர் சீல் அறுந்தால் முதல் வேலை

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம், சித்தி வீட்டு மீட்டர் பெட்டி மூடியைக் குரங்கு பிய்த்துப் போட்டிருக்கிறது. சீல் கம்பியும் அறுந்து தொங்குகிறது. "கம்பி வைச்சுக் கட்டிடட்டுமா?" என்று தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இன்படி நேர்மையற்ற நோக்கத்தோடு மீட்டரில் கை வைப்பது மின்திருட்டு. மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. நாமே கட்டிய கம்பியைப் பார்க்கும் அதிகாரிக்குக் குரங்கு நினைவுக்கு வராது, நாம்தான் வருவோம்.

அதனால் எதையும் தொடாமல் சீல், மீட்டர் எண், ரீடிங் மூன்றும் தெரியப் படமெடுக்கச் சொன்னேன். மின்னகம் 94987 94987-இல் புகார் பதிந்து எண் வாங்கினான். மறுநாளே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு மனு: இணைப்பு எண், சேதத்தைப் பார்த்த தேதி, அன்றைய ரீடிங், "புது சீல் வைத்துத் தரவும்." நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினான். பலர் கோட்டை விடுவது அந்தக் கையெழுத்தில்தான். கணக்கெடுக்க வருபவரிடம் வாயால் சொன்னது பிறகு நிற்காது.

பெட்டி உடைந்து ஒயர் வெளியே தெரிந்தால் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், சாவி வாங்கும் அன்றே சீலைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.